மறு: இலக்கம் முன்பின்னாக மாறும் பிழைக்குத் தமிழில் என்ன சொல்?

வசந்தி, கல்லடி

எல்லோருக்கும் வணக்கம். ஒரு சிறுகதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கதை ஓடிவிட்டது, ஒரு சொல்லில் வந்து நிற்கிறது.

கதையில் ஓய்வுபெற்ற வங்கிக் கிளாக்கர் ஒருவர். பேத்தி உயர்தர வகுப்பில் வர்த்தகப் பிரிவு. ஊர் மரண உதவிச் சங்கத்தின் காசேட்டைக் கணினியில் ஏற்றும் வேலை அவள் தலையில் விழுகிறது. ஒரு பக்கத்தில் ஆறு பதிவுகள்:

```
3,250
8,540
1,875
12,600
4,365
6,720
```

அடியில் பொருளாளர் மையால் எழுதிய மொத்தம் 34,650. எக்செல் `=SUM(B2:B7)` என்று போட்டால் 37,350 காட்டுகிறது. இவள் பொருளாளர் மாமாவை நம்பி, சூத்திரத்தை அழித்துவிட்டு அந்தக் கலத்தில் 34650 என்று அடித்து வைக்கிறாள். அம்மப்பா வந்து கலத்தைச் சொடுக்கிப் பார்க்கிறார். மேலே சூத்திரப் பட்டையில் வெறும் எண் நிற்கிறது. "இது மொத்தம் இல்ல மனே, நீ எழுதின ஒரு நம்பர்" என்கிறார்.

அப்புறம் வித்தியாசத்தை எடுக்கச் சொல்கிறார்: 2,700. ஒன்பதால் மீதியில்லாமல் வகுபடுகிறது. "எங்கேயோ ரெண்டு இலக்கம் முன்பின்னா மாறியிருக்கு" என்கிறார். பொருளாளர் கல்குலேட்டரில் கூட்டும்போது 8,540ஐ 5,840 என்று அடித்திருக்கிறார், அவ்வளவுதான். இந்தப் பிழையைப் பேத்தி தன் கொப்பியில் ஒரு சொல்லாக எழுதவேண்டும். என்ன சொல் போடலாம்?

நிஸார், அக்கரைப்பற்று

தங்கச்சி, கதையில் சூத்திரத்தை நம்பச் சொல்லிக் கொடுக்கிறீங்க. என் கதையைக் கேட்டுவிட்டு எழுதுங்க. எங்கள் நெல் ஆலைக் கணக்கில் சூத்திரம்தான் என்னைக் கவிழ்த்தது. பொடியன் ஒருவன் விலையெல்லாம் 4,500/= என்று நம் ஊர் வழக்கப்படி அடித்துவிட்டான். அந்த `/=` ஒட்டியதும் எக்செலுக்கு அது எண் இல்லை, எழுத்து. SUM அதைத் தாண்டிப் போய்விடும், ஒரு சத்தமும் போடாது. மொத்தம் குறைவாக வரும், பார்த்தால் எல்லா வரியும் சரியாக இருக்கும்.

பிறகு ஒரு தெரிந்த பிள்ளைதான் காட்டியது: எண்கள் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் ஒட்டும். சும்மா பார்த்தாலே பிடிக்கலாம், யாராவது நடுவில் நிறுத்தி அழகுபடுத்தாமல் இருந்தால். இப்போது நான் மொத்தத்துக்குப் பக்கத்தில் இரண்டு கலம் வைத்திருக்கிறேன்:

```
=COUNT(B2:B7)
=COUNTA(B2:B7)
```

முதலாவது எண்களை மட்டும் எண்ணும், இரண்டாவது வெறுமையில்லாத எல்லாவற்றையும் எண்ணும். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் எங்கோ ஒரு `/=` ஒளிந்திருக்கு. இதற்கும் ஒரு தமிழ்ச் சொல் கண்டுபிடித்துத் தாங்களேன்.

ராஜி, திருக்கோவில்

நிஸார் நானா, வசந்தி கேட்டது வேறு. ஆனால் உங்கள் கதை நல்லாயிருக்கு, வகுப்பில் சொல்லப்போகிறேன்.

வசந்தி, விடை கண்டுபிடிப்பது சுலபம்: வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் இலக்கம் மாறியிருக்கிறது, வகுபடாவிட்டால் வேறு பிழை. பொருளாளர் முன்கூட்டியே பார்த்திருக்கவும் முடியும். ஒவ்வொரு எண்ணின் இலக்கங்களையும் கூட்டி, ஒன்பதை நீக்கி, மொத்தத்தோடு ஒப்பிட்டிருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும். அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரிந்த முறைதான் இது.

சொல்லுக்கு: இலக்கப் புரட்டு. எண் புரண்டுவிட்டது. சின்னதாக, வாயில் நிற்கும்.

குணம், களுவாஞ்சிக்குடி

வங்கியில் வேலை செய்து ஓய்வுபெற்றவன் என்பதால் கொஞ்சம் நீட்டிப் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராஜி ரீச்சர், ஒன்பது நீக்கும் முறையை இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள். 37,350இன் இலக்கங்களைக் கூட்டினால் 18. பொருளாளரின் 34,650ஐக் கூட்டினாலும் 18. இரண்டும் ஒன்பது நீங்கினால் பூச்சியம். பிழையான மொத்தமும் "சரி" என்று தேறிவிடுகிறது. 8,540க்கும் 5,840க்கும் இலக்கங்கள் அதே நான்குதானே, வரிசை மட்டும் வேறு. அந்தச் சோதனை இலக்கங்களைக் கூட்டிப் பார்ப்பது, வரிசையைப் பார்ப்பதில்லை. ஆகவே முன்பின் மாறிய பிழைக்கு அது குருடு. வித்தியாசம் ஒன்பதால் வகுபடுவதற்கும் இதுவேதான் காரணம்.

அடுத்தது, வகுபட்டால் இலக்கம் மாறியதுதான் என்பது பாதி சரி. 450ஐ 4,500 என்று அடித்தால் வித்தியாசம் 4,050. அதுவும் ஒன்பதால் வகுபடும், ஆனால் எந்த இரண்டு இலக்கமும் முன்பின்னாக மாறவில்லை, ஒரு பூச்சியம் கூடியிருக்கிறது. எந்தச் சம்பந்தமும் இல்லாத பிழை தற்செயலாக வகுபடவும் கூடும். வகுபடாவிட்டால் மட்டும், தனியாக ஓர் இலக்க மாற்றம் காரணம் இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம். இரண்டு பிழை கலந்திருந்தால் அதுவும் உதவாது.

வசந்தி, உங்கள் கிளாக்கர் ஒன்பதோடு நிறுத்தியிருக்கமாட்டார். நான் செய்வதைச் சொல்கிறேன். ஆயிரத்திலும் நூறிலும் உள்ள இலக்கங்கள் இடம் மாறினால், ஒவ்வொரு அலகு வித்தியாசத்துக்கும் 1,000 போய் 100 வரும், அதாவது 900. உங்கள் 2,700ஐ 900ஆல் வகுத்தால் 3. அப்படியானால் ஆயிரத்துக்கும் நூறுக்கும் 3 வித்தியாசமுள்ள எண்ணைத் தேடவேண்டும். 3,250இல் வித்தியாசம் 1. 1,875இல் 7. 12,600இல் 2க்கும் 6க்கும் 4. 4,365இலும் 6,720இலும் 1 தான். 8,540 மட்டும் 3. அதோடு பொருளாளர் கூட்டியது குறைவாக இருக்கிறது. பெரிய இலக்கம் முன்னே நின்று பின்னே போயிருக்கவேண்டும், 8ம் 5ம் அப்படித்தான் நிற்கின்றன. ஆறு வரியையும் மறுபடி கூட்டத் தேவையில்லாமல் ஒரே வரியில் விரலை வைக்கலாம். கதையில் அந்த இடத்தைக் கொஞ்சம் நின்று எழுதுங்கள், தயவுசெய்து.

ஆனால் விரல் வைத்ததும் தீர்ப்புச் சொல்லக்கூடாது. பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் அடிக்கட்டையை எடுத்து 8,540 என்று இருக்கிறதா பார்க்கவேண்டும். அடிக்கட்டையில் 5,840 இருந்தால் பொருளாளரின் மொத்தம் சரி, காசேட்டு வரி பிழை. சூத்திரம் பிழையான எண்ணைச் சரியாகக் கூட்டியதாக ஆகிவிடும்.

புரட்டு வேண்டவே வேண்டாம். சங்கக் கூட்டத்தில் எழுந்து "கணக்கில் இலக்கப் புரட்டு இருக்கு" என்று சொன்னால் பொருளாளர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வருவார். எங்கள் கிளையில் "முன்பின் அடிச்சிற்றான்" என்றுதான் சொல்வோம். என் ஓட்டு முன்பின் வழு.

சுதன், காரைதீவு

குணம் ஐயா சொன்ன புரட்டுக் காரணம் மாறாட்டத்துக்கும் பொருந்தும். "இலக்க மாறாட்டம்" என்று எழுதி வைத்திருந்தேன், ஆள்மாறாட்டம் ஞாபகம் வந்ததும் விட்டுவிட்டேன்.

மென்பொருள் இடைமுகம் தமிழாக்குபவன் என்ற முறையில் என் கவலை வேறு. முன்பின் வழு என்று மட்டும் திரையில் போட்டால், பதிவுகளின் திகதி வரிசை முன்பின்னாகிவிட்டது என்று பயனர் நினைப்பார். எண்ணுக்குள் நடந்த மாற்றம் என்று தெரியவேண்டும். இலக்கம் என்ற சொல்லிலும் ஒரு கரைச்சல் உண்டு: வீட்டு இலக்கம், தொலைபேசி இலக்கம் என்று முழு எண்ணையும் நாம் அப்படித்தான் சொல்கிறோம். "இலக்க மாற்றம்" என்றால் புது சிம் வாங்கியதாகிவிடும். "இலக்க இடமாற்றம்" நேரடியானது. ஆனால் ஆசிரியர்கள் இருக்கும் குழுமத்தில் இடமாற்றம் என்ற சொல்லை எடுக்கவே பயமாக இருக்கிறது.

என் முன்மொழிவு: இலக்கப் பிறழ்வு. வரிசை பிறழ்ந்தது என்ற பொருள் உண்டு, குற்றச்சாட்டு இல்லை.

ராஜி, திருக்கோவில்

இடமாற்றம் வேண்டாம், இரண்டு வருடமாக அதற்கு விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறேன்.

18, 18 என்று நானும் போட்டுப் பார்த்தேன். ஐயா சொன்னது சரி. புரட்டையும் திரும்பப் பெறுகிறேன். ஆனால் பிறழ்வு என்றால் பிள்ளைகள் மனப்பிறழ்வை நினைப்பார்கள், ஏதோ நோய் மாதிரி இருக்கு. வகுப்பறைக்கு முன்பின்தான் சரிவரும். "இலக்க முன்பின் வழு" என்று சேர்த்துவிட்டால் சுதனின் பிரச்சினையும் தீராதா?

நிஸார், அக்கரைப்பற்று

நீளமா இருக்கு ரீச்சர். என் கலத்துக்குள் அடங்காது. குணம் ஐயா, பூச்சியம் கூடிப்போகிறதே, 450 4,500 ஆகிறது, அதுவும் முன்பின் வழுவுக்குள் வருமா? ஆலையில் அதுதான் கூட நடக்கும்.

குணம், களுவாஞ்சிக்குடி

வராது. அது இலக்கம் எல்லாம் ஒரு தானம் நகர்வது. ஒன்பதால் வகுத்தால் வரும் விடையே அந்த எண்ணாக இருக்கும், 4,050ஐ வகுத்தால் 450. பதிவுகளில் 450ஓ 4,500ஓ இருந்தால் முதலில் அங்கே பாருங்கள். "தான நகர்வு" என்று வைத்துக்கொள்ளலாம், யாருக்கும் வேறு சொல் தோன்றும்வரை.

வசந்தி, கல்லடி

நன்றி ஐயா, 900ஆல் வகுக்கும் இடத்தை முழுதாக எழுதிவிட்டேன். அம்மப்பா ஒவ்வொரு வரியாகக் கேட்கிறார், பேத்தி வித்தியாசத்தைச் சொல்கிறாள், 8,540இல் இருவரும் நிற்கிறார்கள். அடிக்கட்டை பார்ப்பதையும் சேர்த்தாயிற்று. அடிக்கட்டையிலும் 8,540தான். பிறகு அவள் அழித்த சூத்திரத்தைத் திரும்ப எழுதுகிறாள். நிஸார் நானாவின் COUNT கலத்தையும் அவள் கையாலேயே போடவைத்திருக்கிறேன். ஆறு என்று வருகிறது.

சொல்லைப் பொறுத்தவரை கிளாக்கர் வாயில் "முன்பின்". பேத்தியின் கொப்பியில் இப்போதைக்கு "இலக்க முன்பின் வழு" என்று இருக்கிறது. சுதன், திரைக்கு நீங்கள் பிறழ்வையே வைப்பதானால் எனக்குச் சண்டை இல்லை, ஆனால் ராஜி ரீச்சரைச் சமாளிப்பது உங்கள் பொறுப்பு.

சுதன், காரைதீவு

திரையில் எழுத்து இடம் குறைவு, ஆகவே பிறழ்வை இன்னும் விடவில்லை. தான நகர்வுக்குத் தனி இழை தொடங்குகிறேன். தானம் என்றதும் கோயிலுக்குக் கொடுப்பது என்று முதல் பதில் வரும், பார்த்துக்கொள்ளுங்கள்.