டேலி அனுபவத்த வெச்சு ஒன்டாரியோவுல புக்கீப்பர் வேலை: "எவ்வளவு நாள்ல தனியா பாப்பீங்க"ன்னு கேட்டா எப்படி கணக்கு போடுறது?

கோவை_நித்யா:
எல்லாருக்கும் வணக்கம். மிசிசாகாவுக்கு புதுசா வந்திருக்கேன். கோயமுத்தூர்ல ஒரு மில்லுல ஆறு வருஷம் அக்கவுண்ட்ஸ் பாத்தேன், டேலி, ஜிஎஸ்டி ரிட்டர்ன், டிடிஎஸ், பிஎஃப் எல்லாம் கையில. இங்க ஒரு கட்டட கான்ட்ராக்டர் ஆபீஸ்ல, நாப்பது பேர் வேலை செய்யுற இடம், புக்கீப்பர் வேலைக்கு ரெண்டாவது ரவுண்டு வியாழக்கிழமை. கனடா அனுபவம் இல்ல, ஆனா பக்கத்து அனுபவம் இருக்கு, நீங்க தனியா ஓட்ட எவ்வளவு நாள் ஆகும்னு யோசிச்சு வாங்கன்னு சொல்லியிருக்காங்க. அவங்க இத எப்படி எடை போடுவாங்க? நான் எப்படி கணக்கு போடணும்?

டொரண்டோ_மாப்ள:
ரெண்டு வாரம்னு சொல்லிடுங்க சிஸ்டர். டெபிட் கிரெடிட் எந்த நாட்டுலயும் ஒண்ணுதான், குவிக்புக்ஸ் டேலிய விட ஈஸி, ஒரு வீக்எண்டு உக்காந்தா மெனு எல்லாம் பிடிபட்டுடும். ரொம்ப யோசிச்சு மாசக்கணக்குல சொன்னீங்கன்னா வேற ஆள பாத்துடுவாங்க.

பிராம்டன்_ரவி:
ஊர் படிப்ப இங்க மதிப்பிடுற டபிள்யூஇஎஸ் பண்ணியாச்சா? இங்கத்த அக்கவுண்டன்ட் தகுதி சிபிஏ இல்லாம இங்க அக்கவுண்ட்ஸ் பக்கமே விடமாட்டாங்களே.

ஆபீஸ்_ராஜி:
ரவி தம்பி, புக்கீப்பர் வேலைக்கு சிபிஏ வேணாம், நித்யா கேக்குறது அது இல்ல. நான் ஒரு சின்ன கம்பெனில ஆபீஸ் பாத்துக்குறேன், புக்கீப்பர்ங்கள இன்டர்வியூ பண்ணி எடுக்குறது என் வேலைதான், அதனால எங்க பக்கத்துல இருந்து சொல்றேன். மாப்ள சொன்னது பாதி சரி. சாஃப்ட்வேர் ஒரு வாரத்து விஷயம்தான், அதுக்காக யாரையும் நான் வேணாம்னு சொன்னதில்ல. ஆனா வேலை மொத்தத்துக்கும் ஒரே நம்பர் சொன்னா அங்கதான் எனக்கு சந்தேகமே வரும். வேலைய துண்டு துண்டா பிரிச்சு, ஒவ்வொரு துண்டும் எத்தனை நாளுக்கு ஒரு தடவை வருதுன்னு பாப்பேன். ஏன்னா ஒரு வேலைய கத்துக்குற வேகம் ஆளோட புத்திசாலித்தனத்த விட அந்த வேலை எப்ப திரும்ப வருதுங்கிறதுலதான் இருக்கு.

நித்யா கேஸையே எடுத்துக்கலாம். சப்ளையர் பில் ஏத்துறது, பேங்க் டேலி பண்றது இதெல்லாம் தினம் வர்றது, அவங்களுக்கு கைவந்த விஷயம், மூணாவது வாரத்துல முழு வேகத்துல இருப்பாங்க. இங்கத்த விற்பனை வரி எச்எஸ்டியும் நம்ம ஜிஎஸ்டி மாதிரி யோசனை ஒண்ணுதான், கட்டின வரிய கழிச்சுக்கிட்டு மிச்சத்த கட்டுறது. இங்க 13 சதவீதம், ஆல்பர்ட்டாவுக்கு சரக்கு போனா 5, இது நம்ம ஊர்ல வெளிமாநிலத்துக்கு பில் போட்டவங்களுக்கு புரியும். ஆனா ஊர்ல மாதிரி சப்ளையருங்க காட்டின பில் லிஸ்ட், அந்த 2பி பாத்து மேட்ச் பண்றதுக்கு இங்க போர்ட்டல்ல எதுவும் இல்ல, பில்லுல சப்ளையரோட ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர் இருக்கான்னு நீங்களே பாத்து பேப்பர பத்திரமா வெச்சுக்கணும். "2பி மாதிரி இங்க எங்க பாக்குறது"ன்னு ஒருத்தர் தானா கேட்டா அந்தத் துண்டுல சீக்கிரம் தேறிடுவார்னு எனக்கு தெரிஞ்சிடும், கேள்வியே இல்லாம "ஜிஎஸ்டி எல்லாம் தெரியும்"னு சொல்றவருக்கு நான் கூட ஒரு மாசம் போட்டுப்பேன்.

பேரோல்தான் உண்மையிலேயே புதுசு. பென்ஷனுக்கு சிபிபி, வேலையில்லா இன்சூரன்ஸுக்கு இஐ, இன்கம்டாக்ஸ் எல்லாம் பிடிச்சு, சின்ன கம்பெனின்னா அடுத்த மாசம் 15ந்தேதிக்குள்ள, பிடித்தம் அதிகமா இருக்கிற இடத்துல அதுக்கும் முன்னாடியே, வரி ஆபீஸ் சிஆர்ஏவுக்கு போயாகணும். ஊர்ல பிஎஃபும் அதே 15தான், அதனால தேதி பயம் அவங்களுக்கு ஏற்கனவே ரத்தத்துல இருக்கும், அது எனக்கு பெரிய பிளஸ். ஏன்னா ஒரு வாரத்துக்கு மேல லேட்டானா அபராதம் 10 சதவீதம். ரெண்டு வாரத்துக்கு ஒரு சம்பளம்னா முதல் தடவை பக்கத்துல உக்காந்து பாக்கணும், ரெண்டாவது தடவை அவங்க போட்டு இன்னொருத்தர் வரி வரியா சரிபாக்கணும், மூணாவதுல டோட்டல மட்டும் பாத்தா போதும். எவ்வளவு கெட்டிக்காரரா இருந்தாலும் ஆறு வாரம் ஆகும், காலண்டர சுருக்க முடியாது. ஒவ்வொருத்தரோட வருஷ சம்பளமும் பிடித்தமும் காட்டுற டி4 வருஷத்துக்கு ஒரு தடவை, பிப்ரவரி கடைசி, அத ப்ரொபேஷன்ல கத்துக்கவே முடியாம போகலாம்.

ஸ்கார்பரோ_சாந்தி:
ராஜி அக்கா சொல்லுறது மெத்தச் சரி. நான் கொழும்பில ஒரு கொம்பனியில கணக்கு பாத்தனான், இஞ்ச வந்து ஜனவரியில ஒரு வேலையில சேந்தன். அவையள் வலு சந்தோசமா எடுத்தவை, நானும் நாளாந்த வேலையள் எல்லாம் கெதியா பிடிச்சிட்டன். ஆனா பழைய பிள்ளை போயிட்டா, பிப்ரவரியில டி4 வந்திட்டுது, கேக்க ஒருத்தரும் இல்லை. மூண்டு மாசம் முடியமுந்தி நிப்பாட்டிப் போட்டினம். அதே வேலையை மே மாசம் தொடங்கியிருந்தா நான் இப்பவும் அங்க இருந்திருப்பன்.

ஆபீஸ்_ராஜி:
சாந்தி, இதத்தான் சொல்ல வந்தேன். உங்கள எடுத்தது தப்பில்ல, அந்த தேதிக்கு அவங்க ஏற்பாடு பண்ணாததுதான் தப்பு. நான் முடிவு பண்றப்ப ரெண்டு விஷயத்த பக்கத்து பக்கத்துல வெப்பேன். ஒவ்வொரு துண்டையும் இந்த ஆள் எப்ப தனியா பாப்பார், அந்தத் துண்டு எப்ப தனியா ஓடியாகணும். ஆறு வாரம் ஆகிற ஆள், பழைய புக்கீப்பர் ரெண்டு மாசம் கூட இருக்காங்கன்னா எனக்கு சரியான ஆள். பழையவங்க அடுத்த வெள்ளிக்கிழமை கிளம்புறாங்கன்னா, அதே ஆள், அதே திறமை, என்னால எடுக்க முடியாது. நடுவுல யாராவது கத்துக்குடுக்கணுமே, அவங்க வேலை கெட்டுப்போற மணி நேரத்தையும் நான் கணக்குல சேத்துப்பேன்.

கட்டட கம்பெனின்னா இன்னொண்ணு இருக்கு. குளிர்காலத்துல ஆளுங்கள வேலை இல்லன்னு நிறுத்துவாங்க, அப்ப ஒவ்வொருத்தருக்கும் இஐ வாங்க தேவையான வேலைப் பதிவு, ஆர்ஓஇ போடணும், கம்ப்யூட்டர்ல போட்டா அந்த சம்பள பீரியட் முடிஞ்சு அஞ்சு நாளுக்குள்ள. காரணத்துக்கு வேலை குறைவுன்னா A, தானா விட்டுட்டுப் போனா E. இத மாத்திப் போட்டா அந்த தொழிலாளிக்கு இஐ பணம் இழுத்துக்கிட்டு நிக்கும், குழந்தை குட்டியோட இருக்கிறவங்க பாவம். அதனால நவம்பருக்கு முன்னாடி ஒரு ஆர்ஓஇயாவது கூட இருந்து போட்டிருக்கணும்.

கோவை_நித்யா:
அக்கா இது இவ்வளவு தெளிவா யாரும் சொல்லல. அவங்க ஏதாவது டெஸ்ட் வெப்பாங்களா?

ஆபீஸ்_ராஜி:
நான் வெப்பேன். ஒரு மாச பேங்க் ஸ்டேட்மென்ட்டும் லெட்ஜரும் குடுத்து சேராத தொகைய கண்டுபிடிக்க சொல்வேன். ஒரு தடவை 180 டாலர் வித்தியாசம் வெச்சேன். 1,860க்கு பதிலா 1,680ன்னு ஏத்தியிருக்கும். ஒரு பொண்ணு பாத்ததும் "9ஆல வகுபடுது, நம்பர் இடம் மாறியிருக்கும்"னு நேரா அந்த மாதிரி தொகைகள மட்டும் தேட ஆரம்பிச்சுது. கனடா அனுபவம் இல்லைன்னாலும் அடித்தளம் இருக்குன்னு அது காட்டிடுச்சு. அப்புறம் இன்னொரு கேள்வி கேப்பேன், கடைசியா நீங்க சாஃப்ட்வேரோ சட்டமோ மாறினப்ப முதல் மாசக்கடைசிய தனியா முடிக்க எவ்வளவு நாள் ஆச்சு, எங்க சிக்குச்சு? நீங்க 2017ல ஜிஎஸ்டி வந்த சமயம் வேலையில இருந்திருந்தா அதுதான் உங்க பெஸ்ட் ஆதாரம்.

கோவை_நித்யா:
இருந்தேன் அக்கா! மில்லுல வேட்ல இருந்து மாறினது நாந்தான் பாத்தேன். முதல் ரெண்டு மாசம் திணறல், மூணாவது ரிட்டர்ன்ல இருந்து யாரும் பாக்காமலே போட்டேன்.

ஆபீஸ்_ராஜி:
அத அப்படியே சொல்லுங்க. நாள் நம்பர விட அது கனமா இருக்கும்.

டொரண்டோ_மாப்ள:
எல்லாம் சரி, ஆனா ஆறு வாரம்னு இவங்க நேர்மையா சொல்லி, அடுத்த ஆள் "நாளைக்கே ரெடி"ன்னு சொன்னா? நிறைய பேர் அவரத்தான் எடுப்பாங்க, நான் பாத்திருக்கேன்.

ஆபீஸ்_ராஜி:
எடுப்பாங்க, இல்லன்னு சொல்லல. பேரோல் ஓட்டத் தெரியாத முதலாளிக்கு அந்த வித்தியாசம் புரியாது, அங்க என்ன சொன்னாலும் சூதாட்டம்தான். அதனால "பில், பேங்க் மூணு வாரம், பேரோல் மூணாவது சம்பளத்துல தனியா, டி4 மட்டும் முதல் வருஷம் வெளி அக்கவுண்டன்ட் கூட"ன்னு துண்டு துண்டா சொல்லுங்க. மொத்தமா "ஆறு வாரம்"னு சொல்லாதீங்க, அவங்க காதுல ஆறு வாரம் சும்மா சம்பளம்னு விழும்.

கோவை_நித்யா:
பழைய புக்கீப்பர் எப்ப போறாங்கன்னு நான் கேக்கலாமா? ஏற்கனவே போயிட்டாங்கன்னா?

ஆபீஸ்_ராஜி:
கண்டிப்பா கேளுங்க. போயிட்டாங்கன்னா முதல் ரெண்டு சம்பளத்துக்கு வெளி அக்கவுண்டன்ட் பாப்பாரான்னு கேளுங்க. அதுவும் இல்லன்னா அந்த வேலைய நான் உங்களுக்கு குடுக்க மாட்டேன், நீங்களும் எடுக்க வேணாம்னுதான் சொல்வேன், அங்கயே பில் பாக்குற வேலை காலியான்னு கேட்டுப்பாருங்க.

ஸ்கார்பரோ_சாந்தி:
அக்கா, அதில மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டன். எனக்கு அந்த மூண்டு மாசத்துக்குப் பிறகுதான் கனடா அனுபவம் எண்டு ஒரு வரி ரெசியூமேயில வந்தது, இப்ப இருக்கிற வேலை அதாலதான் கிடைச்சது. நித்யா, கேக்கிறதைக் கேளுங்கோ, ஆனா வேலை தந்தா யோசிச்சு முடிவெடுங்கோ, உடன வேண்டாம் எண்டு சொல்லிப்போடாதேங்கோ.