லாக் பேக்கப் தவறாமல் நடந்தும் லாக் கோப்பு 94 ஜிபி ஆகிவிட்டது: உதவி தேவை

குமுளிக்காரன்

குமுளியில் ஏலக்காய் வாங்கி விற்கும் கடையொன்றின் கணக்கு மென்பொருளை நான் கவனித்து வருகிறேன். தரவுத்தளம் எஸ்கியூஎல் சர்வர், ரெக்கவரி மாடல் ஃபுல். மணிக்கொரு முறை லாக் பேக்கப் ஓடுகிறது, ஒன்றுகூடத் தவறியதில்லை. அப்படியிருந்தும் வழக்கமாக 6 ஜிபியில் நிற்கும் லாக் கோப்பு, கடந்த 11 நாட்களாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 8 ஜிபி வீதம் வளர்ந்து 94 ஜிபியைத் தொட்டுவிட்டது. டிரைவின் மொத்தக் கொள்ளளவே 120 ஜிபிதான். விற்பனைப் பதிவில் எந்தத் தடங்கலும் இல்லை, யாரும் காத்திருக்கவும் இல்லை. எங்கிருந்து தேடத் தொடங்குவது?

வாளையார்

சிம்பிள் மாடலுக்கு மாற்றிவிட்டுக் கோப்பைச் சுருக்குங்கள். ஐந்து நிமிட வேலை.

புத்தூர் நெசவு

எங்கள் தறிக்கூடத்திலும் இதே கதை நடந்தது. லாக் பேக்கப் வேலையை யாரோ நிறுத்தி வைத்திருந்தார்கள். மீண்டும் ஓடவிட்டதும் சரியாயிற்று. உங்களுடையதையும் ஒருமுறை பாருங்கள்.

செங்கோட்டைச் சாரல்

புத்தூர் நண்பருக்கு, பேக்கப் ஓடுகிறது என்று கேட்டவரே எழுதியிருக்கிறார். வாளையார் அண்ணன் சொன்னதை இப்போது செய்ய வேண்டாம். முடியாத டிரான்சாக்‌ஷன் ஒன்று இருக்குமானால் சிம்பிள் மாடலிலும் லாக் விடுபடாது. மாடலை மாற்றியதால் லாக் பேக்கப் சங்கிலி அறுந்ததுதான் மிச்சமாகும். முதலில் சர்வரிடமே காரணத்தைக் கேளுங்கள்.

```sql
SELECT name, log_reuse_wait_desc
FROM sys.databases WHERE name = 'ElamDB';

DBCC OPENTRAN ('ElamDB');
```

குமுளிக்காரன்

முதல் வரியில் `ACTIVE_TRANSACTION` என்று வந்தது. இரண்டாவதில் SPID 73. தொடக்க நேரம், ஓண விடுமுறைக்கு முந்தைய மாலை 4.52. அந்த எண்ணை `sys.dm_exec_sessions`-இல் தேடினால் நிலை `sleeping` என்றும், கணினி எங்கள் கணக்கருடையது என்றும், நிரல் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோ என்றும் காட்டுகிறது. தூங்கிக்கொண்டிருக்கும் ஓர் இணைப்பால் 88 ஜிபி எழுத முடியுமா, ஐயா?

செங்கோட்டைச் சாரல்

அவர் எழுதியது சில கிலோபைட்தான் இருக்கும். மீதியெல்லாம் உங்கள் கடையின் அன்றாடப் பதிவுகளும் இரவு நேர இன்டெக்ஸ் மறுகட்டமைப்பும் எழுதியவை. லாக் வரிசையாக எழுதப்படுவது. முடியாத டிரான்சாக்‌ஷன்களில் மிகப் பழையது எந்த இடத்தில் தொடங்கியதோ, அதற்குப் பின் யார் எழுதியதாக இருந்தாலும், பேக்கப் எடுத்தபின்னும் அந்த இடத்தை மறுபடி பயன்படுத்த சர்வர் அனுமதிக்காது. பேக்கப் வெற்றியென்று சொல்வதும் உண்மை, இடம் விடுபடவில்லை என்பதும் உண்மை. கணக்கர் அன்று என்ன செய்தார் என்று கேட்டீர்களா?

வாளையார்

அவருடைய நெட் அறுந்திருக்கும். அதனால்தான் டிரான்சாக்‌ஷன் தொங்குகிறது.

செங்கோட்டைச் சாரல்

இணைப்பு அறுந்ததை சர்வர் உணர்ந்துகொண்டால் ரோல்பேக் தானே நடந்துவிடும். இங்கே இணைப்பு உயிரோடு இருப்பதுதான் சிக்கலே.

குமுளிக்காரன்

கணக்கரிடம் பேசினேன். சென்ற பருவத்தின் ஈரப்பதக் கழிவு அட்டவணையில் 14 வரிகளைத் திருத்தியதாகவும், கமிட் கொடுத்துவிட்டதாகவும் உறுதியாகச் சொல்கிறார். மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டு ஊருக்குப் போயிருக்கிறார். திரையில் அந்தச் சாளரம் அப்படியே இருந்தது, `COMMIT` என்ற வரியும் இருந்தது. அதே சாளரத்தில் `SELECT @@TRANCOUNT` கொடுத்தால் 1 என்று வருகிறது.

செங்கோட்டைச் சாரல்

அவர் பொய் சொல்லவில்லை. `BEGIN TRAN` வரியை இரண்டு முறை ஓட்டியிருப்பார். எண்ணிக்கை 2 ஆகியிருக்கும். ஒரு கமிட் அதை 1 ஆகக் குறைக்குமே தவிர எதையும் முடித்துவைக்காது. பழைய பருவத்து அட்டவணையை வேறு யாரும் தொடாததால் பூட்டும் எவர் காலிலும் இடறவில்லை. சாளரத்தை மூடியிருந்தாலாவது, முடிக்காத டிரான்சாக்‌ஷன் இருக்கிறதென்று ஸ்டுடியோ கேட்டிருக்கும்.

14 வரிகளும் சரியென்றால் அங்கேயே இன்னொரு `COMMIT` கொடுங்கள். `KILL 73` கொடுத்தாலும் நொடியில் முடியும், ஏனெனில் திரும்பப்போவது அவருடைய 14 வரிகள் மட்டுமே. ஆனால் திருத்தம் போய்விடும். அதன்பின் ஒரு லாக் பேக்கப் எடுத்துவிட்டு இதை ஓட்டுங்கள்:

```sql
DBCC SHRINKFILE (ElamDB_log, 8192);
```

குமுளிக்காரன்

கமிட் கொடுத்தேன், எண்ணிக்கை 0. பேக்கப்பும் முடிந்தது. ஆனால் சுருக்கியபின் 91 ஜிபியில் நிற்கிறது.

செங்கோட்டைச் சாரல்

இப்போது எழுதப்படும் பகுதி கோப்பின் கடைசியில் இருக்கிறது. அதற்கு முன்னால் வெட்ட முடியாது. எழுத்து முன்பக்கம் சுற்றி வரட்டும். அடுத்த லாக் பேக்கப் முடிந்ததும் மறுபடி ஓட்டுங்கள்.

குமுளிக்காரன்

இரண்டாவது முறை 8 ஜிபிக்கு வந்துவிட்டது, நன்றி. ஒரு மணி நேரத்துக்கு மேல் திறந்திருக்கும் டிரான்சாக்‌ஷனைத் தானாகவே கொல்லும்படி ஒரு ஜாப் போடலாமா?

வாளையார்

தாராளமாகப் போடுங்கள்.

செங்கோட்டைச் சாரல்

நான் போடமாட்டேன். உங்கள் இரவு நேர மறுகட்டமைப்பே ஒரு மணி நேரத்தைத் தாண்டலாம்; அதையும் சேர்த்துக் கொன்றுவிடும். தூங்கும் இணைப்புக்கு மட்டும் மின்னஞ்சல் வந்தால் எனக்குப் போதும்.

வாளையார்

ஓணத்துக்கு ஊருக்குப் போனவர் மின்னஞ்சல் பார்ப்பாரா?