"கடின வரி முறிப்பு" வேண்டாமே, வேற நல்ல சொல் இருக்கா?

செல்வி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். 84 பக்கத்துல ஒரு பயிற்சிக் கையேடு, பிடிஎஃப் மட்டும்தான் கைல இருக்கு, மூலக் கோப்பு யார்கிட்டயும் இல்ல. திருத்தணும்னு வேர்ட்லயே நேரா திறந்தேன், மாத்தித் தரவான்னு கேட்டுச்சு, சரின்னேன், எழுத்தெல்லாம் சுத்தமாத்தான் வந்துச்சு. ஆனா நடுவுல ஒரு வார்த்தை சேர்த்தா அந்த வரியோட கடைசி வார்த்தை மட்டும் கீழ இறங்கி தனியா நிக்குது, அதுக்கு அடுத்த வரி அசையவே மாட்டேங்குது. Ctrl+Shift+8 போட்டுப் பார்த்தா ஒவ்வொரு வரிக் கடைசியிலயும் ஒரு ¶. அதாவது 84 பக்கமும் ஒத்த வரிப் பத்திகளா கிடக்கு.

சரி பண்றது ஒரு பக்கம் இருக்கட்டும், கூட வேலை செய்றவங்களுக்கு இதைத் தமிழ்ல ஒரு குறிப்பா எழுதிட்டு இருக்கேன். ஹார்ட் லைன் பிரேக்குக்கு என்கிட்ட இருக்கிற பட்டியல்ல "கடின வரி முறிப்பு"ன்னு போட்டிருக்கு. படிச்ச ஒரு அம்மா "முறிக்கறதுக்குக் கஷ்டமா இருக்குமா?"ன்னு கேட்டாங்க. அவங்க கேட்டதுல தப்பே இல்ல. அதோட இந்த வரிகளைத் திரும்ப ஒரே பத்தியா ஆக்கற வேலைக்கு, அன்ராப்னு சொல்றாங்களே, அதுக்குத் தமிழ்ல சொல்லே கிடைக்கல. ரெண்டுக்கும் சொல் வேணும்.

கதிர் எழுதியது:

செல்வி அக்கா, வன்பொருள் மென்பொருள் மாதிரி "வன்முறிப்பு, மென்முறிப்பு"ன்னு வெச்சுடலாம், எல்லாருக்கும் பழகின ஜோடி.

சரி பண்றது ரெண்டு நிமிஷ வேலைதான். Ctrl+H போட்டு, முதல்ல ரெண்டு ¶ சேர்ந்து வர்ற இடத்தைக் காப்பாத்திக்கணும், `^p^p` தேடி `@@@` போடுங்க. அப்புறம் `^p` தேடி ஒரு இடைவெளி போடுங்க. கடைசியா `@@@` எடுத்துட்டு `^p` போட்டுடுங்க, முடிஞ்சுது. முதல் படியை மட்டும் விட்டுடாதீங்க, விட்டா 84 பக்கமும் ஒரே பத்தி ஆயிடும்.

செல்வி எழுதியது:

கதிர், செஞ்சு பார்த்தேன்ப்பா. பாதி சரியாச்சு. 30ஆம் பக்கத்துக்கு மேல எதுவுமே மாறல, பார்த்தா அங்க ¶ இல்ல, வளைஞ்ச அம்புக்குறி ↵ இருக்கு. சரியான பக்கங்கள்லயும் ஒரு புதுத் தொல்லை, வார்த்தை நடுவுல இடைவெளி. "சரிபார்த் துப்", "காற் று", "வந்திருந்த னர்" இப்படி நூத்துக்கணக்குல. முன்னாடி வரி வரியா இருந்தப்ப இருந்த வார்த்தை இப்ப உடைஞ்சு நிக்குது.

கதிர் எழுதியது:

அம்புக்குறின்னா அது Shift+Enter அடிச்சா வர்றது, அதை `^l` போட்டுத் தேடணும், சின்ன எல். முதல்ல `^l` எல்லாத்தையும் `^p` ஆக்கிட்டு அப்புறம் மத்த படி. வார்த்தை உடைஞ்சதுக்கு சுலப வழி, வரி க், ச், த், ப் இப்படி மெய்யில முடிஞ்சா இடைவெளி விடாம ஒட்டிடுங்க, மத்ததுக்கு இடைவெளி.

முத்து எழுதியது:

தம்பி கதிர் சொன்ன ஒட்டுற விதியை அப்படியே ஓட்டிடாதீங்க செல்வி, ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கிட்டு இதைப் படிங்க. முப்பது வருஷம் மெய்ப்பு பார்த்தவன்ங்கற உரிமையில சொல்றேன்.

உங்க கோப்பு இப்படித்தான் இருக்கும்:

```
விண்ணப்பங்களைப்¶
பெற்றுக்கொண்ட அலுவலர் அவற்றைச் சரிபார்த்¶
துப் பதிவேட்டில் குறிக்க வேண்டும்.¶
```

முதல் வரி "ப்"ல முடியுது, அடுத்தது "பெ"ல ஆரம்பிக்குது. அது சந்தி, நடுவுல இடைவெளி இருக்கணும். ரெண்டாவது வரி "த்"ல முடியுது, அடுத்தது "து". அது உடைஞ்ச சொல், இடைவெளி இருக்கக் கூடாது. வெளிய பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரிதான், மெய்யும் அதே இனத்து உயிர்மெய்யும். கதிர் விதிப்படி போனா "விண்ணப்பங்களைப்பெற்றுக்கொண்ட"ன்னு வந்து நிக்கும், அதைக் கண்டுபிடிக்கறது உடைஞ்ச சொல்லைக் கண்டுபிடிக்கறதை விடக் கஷ்டம்.

ஏன் இப்படின்னா, ஆங்கிலத்துல வரிக் கடைசியில சொல்லை உடைச்சா ஒரு சின்னக் கோடு போடுவாங்க, அது அடையாளமா இருக்கும். தமிழ் அச்சுல கோடு இல்லாமலே உடைக்கற பழக்கம் ரொம்பப் பரவலா உண்டு, படிக்கறவங்க கண்ணு தானா சேர்த்துக்கும். பிடிஎஃப்புக்கு அது தெரியாது. அதுல இருக்கறது பெரும்பாலும் "இந்த எழுத்தை இந்த இடத்துல வை"ங்கற கட்டளைதான். டேக் வெச்சு உருவாக்கின பிடிஎஃப்னா பத்தி விவரம் உள்ள இருக்கும், ஆனா பழைய கோப்புல அதை எதிர்பார்க்க முடியாது. அதனால மாத்தித் தர்ற மென்பொருள் இடத்தைப் பார்த்து ஊகிக்குது, ஊகம் தப்பினா வரிக்கு ஒரு ¶.

இதுல இலக்கணம் உதவும். தமிழ்ச் சொல் ண, ழ, ள, ற, ன இதுல ஆரம்பிக்காது. அதனால அடுத்த வரி இந்த எழுத்துல தொடங்கினா கண்ணை மூடிட்டு ஒட்டலாம், "வந்திருந்த / னர்" அப்படிச் சரியாயிடும். "னகரம், ளகரம்"னு எழுத்தோட பேர் வர்ற இலக்கணப் புத்தகம்னா மட்டும் பார்த்துக்கங்க. ட, ர, ல இந்தக் கணக்குல வராது, டிக்கெட், ரயில், லாரின்னு இன்னிக்கு நிறைய இருக்கு. அதே மாதிரி வரி "ற்"ல முடிஞ்சாலும் ஒட்டலாம், எந்தச் சொல்லும் "ற்"ல முடியாது. மத்த வல்லின மெய்க்கு விதி வேண்டாம், ஒரு குறி போட்டு வெச்சுட்டு கண்ணால பார்க்கறதுதான் ஒழுங்கு.

சொல் விஷயத்துக்கு வர்றேன். பக்க ஓரத்துக்கு வந்ததும் எழுத்து தானா கீழ இறங்குதே, அதை முறிப்புன்னு சொல்றதே எனக்குச் சரியாப் படல. அது மடிப்பு. துணி மாதிரி, அகலம் மாத்தினா மடிப்பும் இடம் மாறும். "வரி மடிப்பு"ன்னு வைங்க. ¶ போட்டு நிக்கறது மடிப்பு இல்ல, வெட்டு. "வரி வெட்டு"ன்னு வெச்சா கடினம், மென்மை, வன்மைங்கற அடைமொழியே தேவைப்படாது. வெட்டினதைச் சேர்க்கற வேலைக்கு "வரி தொடுத்தல்".

ரஹீம் எழுதியது:

எனக்கும் இதே பிரச்சினைதான் நண்பர்களே, என் பிடிஎஃப்பை வேர்ட்ல திறந்தா ¶ எதுவுமே இல்ல, பக்கத்துக்கு ஒரு படம்தான் வருது. தொடுத்தல் எப்படிப் பண்றது?

கதிர் எழுதியது:

ரஹீம் அண்ணே, அது வேற கதை. உங்களுது ஸ்கேன் பண்ணினது, உள்ள எழுத்தே கிடையாது. பிடிஎஃப்பைத் திறந்து ஒரு வார்த்தையை மவுஸால இழுத்துப் பாருங்க, எழுத்து தேர்வாகலன்னா படம்தான். முதல்ல ஓசிஆர் பண்ணி படத்துல இருக்கற எழுத்தைப் படிச்செடுக்கணும், அதுக்கப்புறம்தான் வரிப் பிரச்சினை. தேர்வானாலும் காப்பி பண்ணி நோட்பேட்ல ஒட்டினா லத்தீன் எழுத்துக் குப்பையா வந்தா அது பழைய எழுத்துரு, யூனிகோடுக்கு மாத்தணும். முத்து ஐயா சொன்ன எழுத்து விதியெல்லாம் யூனிகோட்ல இருந்தாத்தான் வேலை செய்யும்.

ஐயா, சந்தி விஷயத்துல நான் அவசரப்பட்டுட்டேன், ஒத்துக்கறேன். நீங்க சொன்னதை வெத்து டெக்ஸ்ட் கோப்புல ஓட்டற மாதிரி பைத்தான்ல எழுதிட்டேன்:

```
import re
t = open("a.txt", encoding="utf-8").read()
t = re.sub(r"[ \t]+\n", "\n", t)
t = re.sub(r"\n\n+", "@@@", t)
t = re.sub(r"ற்\n", "ற்", t)
t = re.sub(r"\n(?=[ணழளறன])", "", t)
t = re.sub(r"([கசதட]்|ப்)\n", r"\1¦", t)
t = t.replace("\n", " ").replace("@@@", "\n\n")
open("b.txt", "w", encoding="utf-8").write(t)
```

சந்தேக இடத்துல எல்லாம் ¦ நிக்கும். அதைத் தேடித் தேடி, ஒட்டணுமா இடைவெளியான்னு நீங்க முடிவு பண்ணிக்கலாம். மூணாவது வரியை எடுத்துடாதீங்க, வரிக் கடைசியில கண்ணுக்குத் தெரியாத இடைவெளி இருந்தா மத்த எந்த விதியும் சரியா வேலை செய்யாது. தடித்த எழுத்து, அட்டவணை எல்லாம் இதுல போயிடும், அதனால அட்டவணைப் பக்கங்களை வேர்ட்லயே விட்டுட்டு உரைநடையை மட்டும் இப்படிக் கொண்டு வாங்க.

"வரி வெட்டு"க்கு ஒரு ஆட்சேபம் ஐயா. கட் அண்ட் பேஸ்ட்டுக்கு ஏற்கனவே "வெட்டி ஒட்டு"ன்னு புழக்கத்துல இருக்கு, வரி வெட்டுன்னா வரியைக் கட் பண்றதுன்னு எடுத்துப்பாங்க.

செல்வி எழுதியது:

ஓட்டிட்டேன். உரைநடை மட்டும் 71 பக்கம், ¦ 212 இடத்துல நின்னுச்சு, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல உக்காந்து பார்த்து முடிச்சேன். பெரும்பாலானது சந்திதான் ஐயா, ஒட்டணும்னு வந்தது 58தான். கதிரோட முதல் விதிப்படி போயிருந்தா 154 இடத்துல புதுத் தப்பு உண்டாகியிருக்கும்.

இன்னும் ரெண்டு வகை தப்பு மிச்சம் இருக்கு. தலைப்புக்குக் கீழ வெத்து வரி இல்லாத இடத்துல தலைப்பும் பத்தியும் ஒண்ணா ஒட்டிக்கிச்சு, அதை முன்னாடியே கையால `@@@` போட்டுக் காப்பாத்தியிருக்கணும். இன்னொண்ணு, மெய்யில முடியாம உடைஞ்சது. "பதிவே ட்டில்" மாதிரி இருந்தா தமிழ்ச் சொல் புள்ளி எழுத்துல தொடங்காதுன்னு பிடிச்சுடலாம், ஆனா "நடை பெறும்" மாதிரி ரெண்டு துண்டும் தனித்தனியா பொருள் தர்ற சொல்லா இருந்தா எதுவும் பிடிக்கல, பிழைதிருத்தியும் பேசாம போகுது. அதுக்கு முழுசா ஒரு தடவை படிக்கறதைத் தவிர வழி தெரியல.

சொல்லுக்கு, "வரி மடிப்பு" குறிப்புல போட்டுட்டேன், கேட்டவங்க எல்லாருக்கும் உடனே புரிஞ்சுது. "வரி தொடுத்தல்" ரொம்பப் பிடிச்சிருக்கு. வெட்டுக்கு கதிர் சொல்ற குழப்பம் நியாயம், இப்போதைக்கு அடைமொழி இல்லாம "வரி முறிவு"ன்னு மட்டும் போட்டிருக்கேன்.

முத்து எழுதியது:

வரி முறிவு போதும்மா, மடிப்பு பக்கத்துல நின்னாலே அதோட அர்த்தம் தெளிவாயிடும். ஆனா ¶ ஒண்ணு, ↵ ஒண்ணு, ரெண்டையும் முறிவுன்னே சொன்னா உங்க குறிப்பைப் படிக்கறவங்க `^p` போடறதா `^l` போடறதான்னு நிப்பாங்க. ¶ஐ "பத்தி முறிவு"ன்னும் ↵ஐ "வரி முறிவு"ன்னும் பிரிச்சுடுங்க. அப்ப உங்க 84 பக்கத்துல முதல் 30 பக்கத்துல இருந்தது வரி முறிவே இல்ல, பொய்யான பத்தி முறிவு. அதுக்குத் தனிச் சொல் வேணுமா? "பொய்ப்பத்தி"ன்னு மனசுல ஓடுது, மத்தவங்க என்ன சொல்றீங்க?

ரஹீம் எழுதியது:

கதிர் தம்பி, இழுத்துப் பார்த்தேன், தேர்வாகல, படம்தான். ஓசிஆர் பண்ணிட்டு வர்றேன். பொய்ப்பத்தி நல்லா இருக்கு ஐயா, கேட்டதும் புரியுது.