வசம்பைச் சுட்டால் சரியாகிவிடுமா?

கொங்குத்தென்றல் வேறொரு இழையில் எழுதியது: "கிரைப் வாட்டர் வெள்ளைக்காரன் சாராயம். பச்சைப் பிள்ளைக்குப் போதை ஏற்றித் தூங்க வைக்கிறார்கள். வயிற்று வலிக்குச் சுட்ட வசம்பை உரசி ஊற்றுங்கள், சுட்ட வசம்பில் ஒரு கெடுதலும் கிடையாது."

மருந்துக்கடை மணி:
இதைப் படித்துவிட்டு மதியச் சாப்பாடு இறங்கவில்லை. முப்பத்தோரு வருடமாகக் கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்கிறேன். கிரைப் வாட்டரை 1851-ல் நாட்டிங்காமில் வில்லியம் உட்வர்ட் தயாரித்தபோது அதில் சாராயம் இருந்தது, 3.6 சதவீதம். பிரிட்டனில் 1992-ல் எடுத்துவிட்டார்கள். இன்று நம் கடையில் இருக்கிற பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படியுங்கள்: சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை, தண்ணீர். சாராயம் எங்கே? சும்மா கிளப்பிவிடாதீர்கள். அப்புறம் அந்த "சுட்ட வசம்பில் கெடுதலே கிடையாது" என்பது. வசம்பு எண்ணெயில் பீட்டா அசரோன் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. அதனால்தான் அமெரிக்காவில் 1968-லேயே வசம்பை உணவில் சேர்க்கக் கூடாது என்று தடை போட்டார்கள். சுட்டால் என்ன, அவித்தால் என்ன?

கொங்குத்தென்றல்:
வந்துவிட்டார் மணி சார். ஓமவல்லி இழையில் வாங்கியது போதவில்லை போல. அமெரிக்காக்காரன் எலிக்கு எண்ணெயாகக் கொடுத்துப் பார்த்துத் தடை போட்டான். நாங்கள் எண்ணெயா கொடுக்கிறோம்? கரியாகச் சுட்டு, தாய்ப்பாலில் ஒரு உரசு. நான் எழுதியதைக் கண்ணைத் திறந்து படியுங்கள்: சுட்ட வசம்பு. எங்கள் அம்மாயி பதினோரு பேரை வளர்த்தாள், எல்லோருக்கும் சுட்ட வசம்புதான்.

மருந்துக்கடை மணி:
பதினோரு பேரும் பிழைத்ததற்கு வசம்பு காரணம் என்று எந்த ஏட்டில் இருக்கிறது? சுட்டால் விஷம் போகும் என்பதற்கு ஆதாரம் கேட்டேன். அம்மாயியைக் கேட்கவில்லை.

நெல்லைச் சீமையான்:
அண்ணாச்சி, ரெண்டு பேருமே முறை தெரியாமல் பேசுகிறீர்கள். எங்கள் பக்கம் விளக்கெண்ணெய் தீபத்தில்தான் சுடுவோம். நல்லெண்ணெய் விளக்கில் சுட்டால் அது மருந்தே இல்லை. கொங்குப் பக்கம் எதில் சுடுகிறார்கள்?

கொங்குத்தென்றல்:
நல்லெண்ணெயில்தான். உங்களுக்கு முன்னாலிருந்தே.

ஆதிரா அம்மா:
அக்கா அண்ணா எல்லோருக்கும் வணக்கம். என் பையனுக்கு எட்டு மாதம், பல் முளைக்கிறது, இரண்டு நாளாகத் தண்ணியாகப் போகிறது. வசம்பு கொடுக்கலாமா, கிரைப் வாட்டர் கொடுக்கலாமா? தேனில் குழைத்துத் தரச் சொல்கிறார்கள் மாமியார்.

செவ்வந்தி (பச்சிளம் குழந்தை வார்டு):
ஆதிரா, அது இந்த இழையின் பேச்சே இல்லை. பேதிக்கு இரண்டும் வேண்டாம். பால் கொடுப்பதை நிறுத்தாமல், பேதிக்குரிய உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொடுத்துக்கொண்டு இன்றே டாக்டரிடம் காட்டுங்கள். தேன் ஒரு வயது வரை நாக்கில்கூடத் தடவக் கூடாது. அதில் இருக்கக்கூடிய பொட்டுலிசம் வித்துகள் குழந்தைக் குடலில் முளைத்து உடம்பையே தளரச் செய்துவிடும்.

மற்றவர்களுக்கு: வயிற்று வலி அழுகை என்று எதைச் சொல்கிறோம் என்று முதலில் பேசினால் நல்லது. 1954-லிருந்து புழங்கும் கணக்கு ஒன்று உண்டு. நன்றாகப் பால் குடித்து எடை ஏறுகிற குழந்தை, ஒரு நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், மூன்று வாரத்துக்கு மேல் அழுதால்தான் அது. இரண்டாவது வாரத்தில் தொடங்கி, ஆறாவது வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானாக நிற்கும். ஆறாவது வாரத்தில் எதைக் கொடுத்தாலும் பத்தாவது வாரத்தில் அதற்குத்தான் பெயர் கிடைக்கும், அது வசம்பாக இருந்தாலும் சரி, கிரைப் வாட்டராக இருந்தாலும் சரி.

மருந்துக்கடை மணி:
சிஸ்டர் சொன்னது சரி. ஆனால் என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. சுட்டால் பீட்டா அசரோன் போகுமா, போகாதா?

கொங்குத்தென்றல்:
போகும். அது எண்ணெய்தானே? நெருப்பில் வைத்தால் எண்ணெய் நிற்குமா? இதைக் கேட்க ஒரு மருந்தாளுநர்.

செவ்வந்தி:
அந்த ஒரு விஷயத்தில் கொங்குத்தென்றல் அண்ணன் சொல்வதில் பாதி இருக்கிறது. மணி அண்ணன் சொல்வதுபோல் சுடுவதால் ஒன்றுமே மாறாது என்பதில்லை. ஆவியாகிற எண்ணெய்தான், கரியானால் பெரும்பகுதி போய்விடும். கேள்வி, வீட்டில் எவ்வளவு கரியாகிறது என்பது.

எங்கள் வார்டில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன், ஊர் பெயர் வேண்டாம். நாற்பது நாள் பெண் குழந்தை. காலையில் உரை மருந்து கொடுத்திருக்கிறார்கள். பதினொரு மணிக்குள் ஆறு தடவை வாந்தி, பால் குடிக்கவில்லை, தூக்கினால் துவண்டது. பாட்டி முடிச்சிலிருந்து அந்த வசம்புத் துண்டை எடுத்துக் காட்டினார், கட்டைவிரல் கனம். கத்தியால் குறுக்கே வெட்டினேன். வெளியே தீக்குச்சி மாதிரி கறுப்பு. உள்ளே வெளிர் ரோஜா நிறம், முகர்ந்தால் வசம்பு வாடை மூக்கில் அடித்தது. கேஸ் அடுப்பில் அவசரமாகக் காட்டி எடுத்திருக்கிறார்கள். முதல் நாட்களில் உரசியது வெளிக்கரி, அன்று உரசியது உள்சதை. அது மட்டுமா, மூன்று சுற்றுக்கு அழுகை நிற்கவில்லை என்று பத்துப் பன்னிரண்டு சுற்று உரசியிருக்கிறார்கள். டிரிப் ஏற்றி, ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்த்து, இரண்டாம் நாள் பால் குடித்தது. கிருமி வளரவில்லை. வசம்புதான் காரணம் என்று கேஸ் ஷீட்டில் உறுதியாக எழுத முடியாது, சந்தேகம் என்றுதான் டாக்டர் எழுதினார்.

மருந்துக்கடை மணி:
பார்த்தீர்களா! சுட்டாலும் போகாது. இதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன்.

கொங்குத்தென்றல்:
அவர் சொன்னது *சுடாத* வசம்பு! சரியாகச் சுடவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். கேஸ் அடுப்பில் சுட்டவர்கள் பேரில் வழக்குப் போடுங்கள். சுட்ட வசம்பில் கெடுதல் இல்லை என்ற என் பேச்சு அப்படியேதான் நிற்கிறது. தவிர டாக்டரே சந்தேகம் என்றுதானே எழுதினார்?

நெல்லைச் சீமையான்:
கேஸ் அடுப்பு! விளக்கெண்ணெய் தீபத்தில் நின்று நிதானமாகச் சுட்டிருந்தால் இது வந்திருக்குமா?

மருந்துக்கடை மணி:
தம்பி, இங்கே தீபத்தைப் பற்றிப் பேச்சில்லை. வீட்டுக்கு வீடு ஒரு சுடு, கைக்குக் கை ஒரு உரசு. மருந்து என்றால் அளவு வேண்டும். பாட்டிலில் அளவு இருக்கிறது. அதனால்தான் கிரைப் வாட்டர் பத்திரம் என்கிறேன்.

செவ்வந்தி:
அண்ணா, அங்கேதான் நீங்கள் வழுக்குகிறீர்கள். சாராயம் இல்லை என்பதால் அது மருந்தாகிவிடாது. இனிப்பு நாக்கில் பட்டதும் குழந்தை சில நிமிடம் அமைதியாகும், அதைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். அழுகை நாளைக் குறைக்கும் என்று காட்டிய நல்ல சோதனை கிடையாது. எங்கள் டாக்டர்கள் சொல்வது ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், அவர்கள் எழுதிக்கொடுக்கும் சொட்டு மருந்து தவிர வேறெதுவும் வேண்டாம் என்றுதான். சீல் வைத்த பாட்டில் என்றாலே சுத்தம் என்பதும் இல்லை. 2007-ல் அமெரிக்காவில் ஆப்பிள் சுவை கிரைப் வாட்டர் ஒன்றில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி இருந்தது. குடித்த ஆறு வாரக் குழந்தைக்கு நோய் வந்து, சரக்கைத் திரும்பப் பெற்றார்கள்.

இன்னொன்று, கடைக்காரர் என்பதால் உங்களிடமே கேட்கிறேன். வயிற்று வலிக்கு என்று சீட்டில்லாமல் கேட்டால் டைசைக்ளோமின் சேர்ந்த சொட்டு மருந்தை எடுத்துக் கொடுக்கிற கடைகள் இருக்கின்றன. ஆறு மாதத்துக்குக் கீழே அது கூடவே கூடாது, மூச்சே நின்றுபோகலாம்.

மருந்துக்கடை மணி:
என் கடையில் கொடுப்பதில்லை. மற்றக் கடைக்கு நான் ஜவாப்தாரி இல்லை. அமெரிக்க ஆப்பிள் பாட்டிலை வைத்து நம்மூர் பாட்டிலைப் பேசாதீர்கள்.

கொங்குத்தென்றல்:
ஆகா! அமெரிக்க எலியை வைத்து நம்மூர் வசம்பைப் பேசலாம், அமெரிக்கப் பாட்டிலை வைத்து நம்மூர் பாட்டிலைப் பேசக் கூடாது. நல்ல நியாயம் சார். அங்கே விளைகிற வசம்பு ஜாதியே வேறு, அதில் நீங்கள் சொல்கிற அசரோனே இல்லையாம். தெரியுமா?

செவ்வந்தி:
அது உண்மைதான் அண்ணா, ஆனால் உங்களுக்கு எதிராகப் போகிற உண்மை. அமெரிக்க வசம்பில் இல்லை. நம் நாட்டு வசம்பில்தான் இருக்கிறது, சில வகையில் எண்ணெயில் பெரும்பகுதியே அதுதான்.

கொங்குத்தென்றல்:
சுடாத வசம்பில்.

மருந்துக்கடை மணி:
சரி, சுட்டே கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளை கையில் வசம்பு வளையல் கட்டுகிறீர்களே, கறுப்பு மணியோடு கோத்து? அதைச் சுட்டா கட்டுகிறீர்கள்? மூன்றாவது மாதத்தில் பிள்ளை முஷ்டியை வாயில் வைத்து நாள் முழுக்கச் சப்புகிறது. பச்சை வசம்பு. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

ஆதிரா அம்மா:
ஐயோ, என் பையன் கையில் இப்போதும் இருக்கிறது. கழற்றிவிடவா?

செவ்வந்தி:
கழற்றிவிடுங்கள். மணி தெறித்தால் தொண்டையில் அடைக்கும், அதற்காகவே கழற்றலாம். பேதி எப்படி இருக்கிறது? டாக்டரிடம் போனீர்களா? சிறுநீர் குறைந்தாலோ, சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தாலோ ராத்திரி என்று பார்க்காதீர்கள்.

ஆதிரா அம்மா:
போய் வந்தோம் அக்கா. கரைசலும் துத்தநாகச் சொட்டும் கொடுத்தார்கள். வளையலைக் கழற்றினால் திருஷ்டி படும் என்று மாமியார் பேசுவதில்லை.

கொங்குத்தென்றல்:
வளையல் காப்புக்குக் கட்டுவது, மருந்துக்கு இல்லை. பேச்சை மாற்றாதீர்கள். சுட்ட வசம்பைப் பற்றிக் கேட்டது நீங்கள். ஒரே ஒரு கேள்வி: போன மாசி மாதம் குலசாமிக்கு மதுரை வந்தபோது உங்கள் கடைக்கு வந்தேன். கல்லாவுக்கு மேலே கொத்துக் கொத்தாக வசம்பு வளையல் தொங்கியது. நாற்பது ரூபாய். இல்லை என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

மருந்துக்கடை மணி:
கேட்கிறவர்களுக்கு வைத்திருக்கிறோம். வாயில் வைக்க விடாதீர்கள் என்று சொல்லித்தான் கொடுக்கிறேன்.

கொங்குத்தென்றல்:
முஷ்டியைச் சப்புகிற பிள்ளையிடமா சொல்கிறீர்கள்?

மருந்துக்கடை மணி:
நீங்கள் வந்த அன்றைக்குக் கடையில் நான் இல்லை, பையன்தான் இருந்தான். அது வேறு விஷயம். சுட்டால் போகும் என்பதற்கு ஆதாரம் எங்கே?

நெல்லைச் சீமையான்:
அண்ணாச்சி, கோபிக்காதீர்கள். கடையில் தொங்குவது சுட்டதா, சுடாததா?