புதுப்பிப்பு: சிவப்புத் தபால் பெட்டிப் படம்

இந்தப் படம் எந்த ஊரில் எடுத்தது என்ற தேடலில் வந்த ஒரு கேள்வி: "சிவப்புத் தபால் பெட்டி தெரிகிறதே, இது லண்டன்தானே?"

சிவப்பை வைத்து பிரிட்டன் என்று ஒருவர் சொன்னது சரி. ஊரைச் சொல்ல அது போதாது. பெட்டியின் கதவைப் பார்க்கச் சொன்னவர்தான் வழிகாட்டினார். படத்தைப் பெரிதாக்கினால், பிரிட்டிஷ் பெட்டிகளில் வழக்கமாக இருக்கும் இரண்டாம் எலிசபெத் அரசியின் பெயரெழுத்துகள் இல்லை, ஸ்காட்லாந்துக் கிரீடம் மட்டும் புடைத்து நிற்கிறது. முதலாம் எலிசபெத் ஸ்காட்லாந்தை ஆண்டதே இல்லை. அதனால் 'இரண்டாம்' என்ற எண்ணுக்கு எதிர்ப்பு கிளம்பி, 1953-இல் எடின்பரோவில் ஒரு புதுப் பெட்டியை வெடி வைத்தே தகர்த்தார்கள். அப்புறம் ஸ்காட்லாந்தில் வைத்த பெட்டிகளில் கிரீடம் மட்டும்தான். முந்தைய மன்னர்களின் எழுத்துள்ள பெட்டிகளில் இந்த வேறுபாடு கிடையாது.

பச்சைப் பெட்டிப் படம் போட்டவருக்கு: விக்டோரியாவின் எழுத்து இருந்தாலும் அது அயர்லாந்தாக இருக்கலாம். அங்கே பழைய பிரிட்டிஷ் பெட்டிகள்மேல் பச்சை பூசிவிட்டார்கள்.

ஆக, சிவப்புப் பெட்டிப் படம் ஸ்காட்லாந்து. அதில் எந்த நகரம்? குப்பைத் தொட்டியின் நகராட்சிச் சின்னம் மங்கல். தெளிவான படம் கேட்டிருக்கிறேன்.