புதுப்பிப்பு: √(x² + 6x) − x, விடை 3 தான்

சென்ற வாரம் நான் கேட்டது: “x முடிவிலியை நெருங்கும்போது √(x² + 6x) − x இன் எல்லை 0 தானே? விடைத்தாளில் ஏன் 3 என்று இருக்கிறது?”

பட்டர்வொர்த்தில் ஆறாம் படிவத்துக்குக் கணிதம் கற்பிக்கும் அக்கா ஒருவர் x = 100 என்று போட்டுப் பார்க்கச் சொன்னார். √10600 ஏறத்தாழ 102.956, ஆகவே வித்தியாசம் 2.956. என் பூச்சியம் அங்கேயே விழுந்துவிட்டது.

பிறகு, நடுக்குறியை மாற்றிய √(x² + 6x) + x என்னும் இணைக்கோவையால் மேலும் கீழும் பெருக்கினேன். மேலே x² நீங்கி 6x மட்டும் நின்றது. இரண்டையும் x ஆல் வகுத்தபோது கிடைத்தது இது:

6 / (√(1 + 6/x) + 1) → 6/2 = 3

“x² பெரியது, 6x ஐ விட்டுவிடலாம்” என்று எழுதிய தம்பி சொன்னது பாதி சரி. √(4x² + 6x) − x என்றால் 2x − x மிஞ்சுவதால், பெருக்காமலேயே அது முடிவிலிக்குப் போவது தெரிகிறது. பெரிய உறுப்புகள் ஒன்றையொன்று முழுமையாக அடித்துக்கொள்ளும்போதுதான் நாம் விட்டுவிட்ட 6x விடையைத் தீர்மானிக்கிறது. இணைக்கோவை தேவைப்படும் இடம் அதுவே.

x எதிர் முடிவிலிக்குச் சென்றால் −x நேர் எண்ணாகிறது. அடிபட எதுவும் இல்லாததால் இந்த உத்தியும் வேண்டியதில்லை.

இன்னொருவர் தம்முடைய கனமூலக் கணக்கை, ∛(x³ + 6x²) − x என்பதை, இதே முறையில் முயன்றிருக்கிறார். குறியை மாற்றிப் பெருக்கினால் கனமூலம் நீங்காது; கனமூலத்தை a என்றும் x ஐ b என்றும் கொண்டு a² + ab + b² ஆல் பெருக்க வேண்டும் என்கிறார் அக்கா. அதை நான் இன்னும் போட்டுப் பார்க்கவில்லை.