பழைய கொப்பி மெஷினை மாத்துறதா, வச்சிருக்கிறதா? கணக்குத் தெரிஞ்ச ஆக்கள் உதவுங்கோ

வெள்ளவத்தையில சின்னதா ஒரு கொப்பி கடை வச்சிருக்கிறன். கலர் மெஷினுக்கு இப்ப மூண்டு வயசு. போன கிழமையும் ஃபியூசர் சூடாகாம நிண்டது. பேப்பரைத் தடவினா கறுப்புத் தூள் விரல்ல ஒட்டுது.

கம்பஸில படிக்கிற மருமகன் டைனமிக் புரோகிராமிங்கில செய்யலாம் எண்டு இதை எழுதித் தந்தவன்:

```
f(t,x) = min( r(x) + f(t+1,x+1),
              P - s(x) + r(0) + f(t+1,1) )
```

t எத்தனையாம் வருசம், f அந்த வருசத்தில இருந்து கடைசி மட்டும் வாற ஆகக் குறைஞ்ச செலவு, x மெஷின்ர வயசு, r அந்த வருசத் திருத்தச் செலவு, s வித்தா வாற காசு, P புதுசின்ர விலை. கடைசி வருசத்தில தொடங்கிப் பின்னுக்கு வரவேணும்.

மூண்டு வருசத்துக்குப் போட்டன். பழசை வச்சிருந்தா திருத்தம் 220, 270, 300 ஆயிரம், மொத்தம் 790. இப்பவே மாத்தினா 900 குடுத்து, பழசுக்கு 300 கழிச்சு, திருத்தம் 20, 60, 130 சேர்த்து 810. வச்சிரு எண்டு விடை வந்தது.

பிறகுதான் பிழை பிடிபட்டது. கடைசியில f பூச்சியம் எண்டு வச்சிட்டன். ஆனா மூண்டு வருசம் கழிச்சுப் புது மெஷின் 300க்குப் போகும், பழசுக்கு 30தான். அதைக் கழிச்சா மாத்தினா 510, வச்சிருந்தா 760. ஒரு வருசம் பொறுத்து மாத்தினாலும் 600 வருது. விடை தலைகீழ்!

என்ர கேள்வி: நான் மூண்டாம் வருசம் விக்கப் போறதில்லை, கடை தொடர்ந்து ஓடும். அப்பவும் கடைசியில விக்கிற விலையைத்தான் போடுறதா? இல்லாட்டி பத்து வருசத்துக்கு நீட்டிப் பார்த்து, முதல் வருச முடிவு மாறுதோ எண்டு கவனிச்சா காணுமோ?